போனில் பதிவு செய்த குரல் சுத்தமாக இல்லையா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

எடிட் செய்து தரச் சொல்லி என்னிடம் வரும் வாய்ஸ் ஓவர் பதிவுகளில் பெரும்பாலானவை வீட்டில், போனில் எடுத்தவை. கூடவே தவறாமல் ஒரு கேள்வியும் வரும்: “எந்த மைக் வாங்கலாம்?” பதிவைக் கேட்டுப் பார்த்தால் மைக்கின் மேல் குற்றமே இருக்காது. போன் எட்ட இருந்திருக்கும், அறை வெறுமையாக இருந்திருக்கும், அல்லது போனே தன் இஷ்டத்துக்கு ஒலியளவை ஏற்றி இறக்கியிருக்கும். அதே அறையில், அதே இடத்தில் விலை உயர்ந்த மைக்கை வைத்தால் அந்தக் குறைகள் இன்னும் தெளிவாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அது இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

## முதலில் ஒரு சோதனைப் பதிவு

போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். பதிவை ஆரம்பித்து 10 விநாடி அசையாமல் சும்மா இருங்கள். பிறகு உங்கள் ஸ்கிரிப்டிலிருந்து ஐந்தாறு வாக்கியங்களை வழக்கமான குரலில் படியுங்கள். அதில் மிக உரக்கச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியமும் இருக்கட்டும். கடைசியில் மறுபடியும் 10 விநாடி மௌனம்.

இதைப் போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த ரீங்காரத்தை எழுப்பவே முடியாது. அதனால் பதிவு சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். வயர் உள்ள ஹெட்போன் ஒன்றில், ஒலியைச் சற்றுக் கூட்டிக் கேளுங்கள்.

பேசாத இடத்திலேயே ஏதாவது கேட்டால் முதல் அறிகுறிக்குப் போங்கள். மௌனம் சுத்தமாக இருந்து, பேசும்போது மட்டும் குறை தெரிந்தால் இரண்டாவது முதல் நான்காவது வரை. எல்லாம் நன்றாக இருந்து, திருத்திப் படித்த வாக்கியம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றால் நேராகக் கடைசி அறிகுறிக்கு.

## அறிகுறி 1: பேசாத இடத்திலும் இரைச்சல்

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிவிட்டு ஐந்து விநாடி பேசாமல் இருந்து பதிவு செய்யுங்கள். மௌனத்தில் இரைச்சல் ஒரே அளவில் இருந்தால் அது அறையில் இருக்கிறது. பேச்சு நின்ற சற்று நேரத்தில் இரைச்சல் மெல்ல மேலெழுந்து வந்து, மறுபடி பேச ஆரம்பித்ததும் அடங்கினால் அது போன் செய்யும் வேலை.

### இரைச்சல் ஒரே சீராக இருக்கிறது

எது சத்தம் போடுகிறது என்று காதால் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். நாள் முழுக்கக் கேட்கும் சத்தத்தைக் காது கணக்கில் எடுக்காது. மைக் எடுக்கும். அதனால் பதிவை ஓடவிட்டபடியே ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் அதன் பெயரைச் சொல்லுங்கள்: “இப்போது ஃபேன்.” அது முழுதாகச் சுழன்று நிற்கும்வரை காத்திருந்து, 10 விநாடி விட்டு அடுத்தது. ஏசி, லேப்டாப், டியூப்லைட், சுவர்க் கடிகாரம், பக்கத்து அறையில் இருக்கும் பிரிட்ஜ் என்று வரிசையாகப் போங்கள். பிறகு ஹெட்போனில் கேட்டால், எந்தப் பெயருக்கு அடுத்து மௌனம் ஆழமாகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

பிரிட்ஜ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அதன் கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும். சோதனை நேரத்தில் அமைதியாக இருந்துவிட்டு, நீங்கள் இரண்டாம் பக்கம் படிக்கும்போது ஆரம்பிக்கும். பதிவு நேரத்துக்கு மட்டும் அதை அணைப்பதானால் வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிட்டு அணையுங்கள். மறுபடி போட மறக்கவே மாட்டீர்கள்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண், அதாவது 15 முதல் 20 செ.மீ. இருக்க வேண்டும். மேசையில் வைத்த போன் பெரும்பாலும் 60 செ.மீ. தள்ளி இருக்கும். அதை 20 செ.மீ.க்குக் கொண்டு வந்தால் குரல் சுமார் 9 டெசிபல் உயரும். அறையின் இரைச்சலோ இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த ஆப்பும் இவ்வளவு சுத்தமாக அந்த 9 டெசிபலைத் தராது. போனில் எந்தப் பக்கம் மைக் என்ற சந்தேகம் வரும்: குரல் பதிவு ஆப்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வது கீழ் விளிம்பில், சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்கை. சாண் கணக்கை அந்த விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், திரையிலிருந்து அல்ல.

இதற்குப் பிறகும் மிஞ்சுவது வெளிச் சத்தமாக இருக்கும். ஜன்னலை மூடி, கதவின் அடி இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். ஜன்னல் இல்லாத சுவர்ப் பக்கமாகப் பதிவிடத்தை மாற்றிப் பாருங்கள். தெரு அடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். போர்வை, மெத்தை இதற்கெல்லாம் உதவும் என்று பலர் நம்புகிறார்கள். அவை அறைக்குள் உண்டாகும் எதிரொலியைத்தான் உறிஞ்சும். வெளியிலிருந்து வரும் லாரியின் உறுமலைத் தடுக்காது.

மிச்சமிருக்கும் சீரான இரைச்சலை மென்பொருளால் குறைக்கலாம். Audacity என்ற இலவச மென்பொருளில் Noise Reduction என்று ஒன்று இருக்கிறது. மௌனப் பகுதியைத் தேர்ந்தெடுத்து Get Noise Profile அழுத்துங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே இடத்துக்குத் திரும்பி, குறைக்கும் அளவை 6 முதல் 9 டெசிபலுக்குள் வைத்து இயக்குங்கள்.  12 டெசிபல் குரலுக்குப் பல சமயம் அதிகம். வாக்கிய முடிவுகளில் நீருக்குள் பேசுகிற மாதிரி ஒரு நெளிவு கேட்டால் அளவைக் குறைத்து மறுபடி செய்யுங்கள். லேசான இரைச்சலைக் கேட்பவர் மன்னிப்பார், அந்த நெளிவை மன்னிக்க மாட்டார். விட்டுவிட்டு வரும் சத்தங்களை, ஹாரன், நாய், பாத்திரம் போன்றவற்றை, இது தொடவே தொடாது. அவற்றுக்கு ரீடேக்தான்.

எவ்வளவு அமைதி போதும்? ஒலிநூல்களுக்கு ACX என்ற வெளியீட்டுத் தளம் வைத்திருக்கும் வரம்பு ஒரு நல்ல அளவுகோல்: பதிவின் மௌனப் பகுதி −60 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. சமூக ஊடக வீடியோவுக்கு, அதுவும் பின்னணி இசை போடுவதானால், −50 பக்கத்தில் இருந்தாலே யாரும் கவனிக்க மாட்டார்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: நள்ளிரவிலும் சுவர் வழியாக ஜெனரேட்டரோ ரயிலோ கேட்கிறது என்றால் இனி வீட்டுப் பொருட்களால் ஆவது ஒன்றுமில்லை. அறையை ஒலி புகாதபடி மாற்றுவது கட்டட வேலை. எப்போதாவது ஒரு பதிவு மட்டும் தேவை என்றால் ஸ்டுடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது அதைவிடப் பலமடங்கு மலிவு.

### பேச்சு நின்றதும் இரைச்சல் ஏறுகிறது

பதிவு ஆப் ஒலியளவைத் தானாகச் சரிசெய்கிறது. குரல் நின்றதும் “சத்தம் குறைந்துவிட்டதே” என்று எண்ணி மொத்தத்தையும் ஏற்றுகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் இரைச்சல் மூச்சு விடுவது போலக் கேட்கும். எடிட்டில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு, ஏனென்றால் இரைச்சல் ஒரே அளவில் இல்லாததால் மேலே சொன்ன முறைக்குப் பிடி கிடைக்காது.

முதலில் ஆப்பின் அமைப்புகளில் தானியங்கி ஒலியளவுக்கான பொத்தானைத் தேடி அணையுங்கள். ஆண்ட்ராய்டு பதிவு ஆப்கள் சிலவற்றில் மைக் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். அதில் Unprocessed அல்லது Raw என்று இருந்தால் அதைப் போட்டு மறுபடி எண்ணிச் சோதியுங்கள். எல்லா போன்களும் அதை ஏற்காது. வித்தியாசமே தெரியவில்லை என்றால் வேறு ஆப்பை முயலுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் போனை நெருக்கமாக வையுங்கள். குரல் போதிய அளவு உரக்க இருந்தால் ஏற்ற வேண்டிய அவசியம் குறையும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மௌனம் அப்படியே செத்துக் கிடக்கும், ஆனால் சொற்களின் கடைசி எழுத்து காணாமல் போகும். ‘மரம்’ என்பதில் ‘ம்’ பாதியில் அறுந்திருக்கும், ‘வந்தால்’ என்பதில் ‘ல்’ கேட்காது. இது அழைப்புகளுக்கான இரைச்சல் நீக்கம் பதிவிலும் நுழைந்துவிட்டதன் அறிகுறி. அழைப்பு அல்லது மீட்டிங் ஆப்பிலேயே பதிவு செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். வெட்டுப்பட்ட எழுத்து திரும்பி வராது. பதிவை நேரடிப் பதிவு ஆப்புக்கு மாற்றி மறுபடி படிக்க வேண்டியதுதான்.

## அறிகுறி 2: கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கிறது

என்னிடம் வருவதில் அதிகம் கெட்டுப்போயிருப்பது இந்த வகைதான். இரைச்சலைவிட இதை மோசமாக நினைக்கிறேன், ஏனென்றால் இரைச்சல் குரலுக்கு அடியில் தனியாகக் கிடக்கும், எதிரொலியோ குரலாலேயே ஆனது. அதைப் பிரித்தெடுக்க முயன்றால் குரலும் கூடவே கிழிந்து வரும்.

தூரம் சரியா? இங்கேயும் முதல் சோதனை அதுதான். ஒரு சாண் தூரத்தில் ஒரு வாக்கியம், கையை நீட்டிய தூரத்தில் அதே வாக்கியம் பதிவு செய்து அடுத்தடுத்துக் கேளுங்கள். நெருக்கத்தில் எதிரொலி பெருமளவு மறைந்தால் வேலை முடிந்தது. தூரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கீழே வழவழப்பான மேசையா? குரல் மேசைப் பரப்பில் பட்டுத் திரும்பி, நேராக வந்த குரலோடு மிகச் சிறிய தாமதத்தில் கலக்கும். குரலில் ஒரு தகரத்தன்மை வரும். தடித்த துண்டு ஒன்றை நாலாக மடித்து மேசையில் விரித்து, போனை அதன் மேல் புத்தக அடுக்கில் வாய் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். துண்டுக்கு இன்னொரு பயனும் உண்டு, மேசையைத் தொட்டால் வரும் ‘டொக்’ போனுக்கு ஏறாது. கையில் பிடித்துக்கொண்டு படிப்பதை விட்டுவிடுங்கள். விரல் நகரும் ஒவ்வொரு முறையும் பதிவாகும், தூரமும் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும்.

அறை வெறுமையாக இருக்கிறதா? நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு முறை கைதட்டுங்கள். தட்டிய பிறகு ‘ட்ர்ர்’ என்று ஒரு வால் கேட்டால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது. இடத்தை மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். வால் மிகக் குறைவாக இருக்கும் இடம் பெரும்பாலும் கட்டிலும் திரையும் துணி அலமாரியும் இருக்கும் படுக்கை அறையாகத்தான் இருக்கும். அந்த அறையிலும் மூலையைத் தவிருங்கள், சரியாக நடுவையும் தவிருங்கள்.

இடம் கிடைத்ததும் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்ற கேள்வி. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசுவது எல்லோரும் சொல்வது, அது சரிதான். குரல் முதலில் போய் மோதுவது அங்கேதான். ஆனால் அதோடு நிறுத்திவிடுவார்கள். போன் மைக் நாலா பக்கமும் கேட்கும் வகை. அது உங்களைப் பார்த்திருக்கும்போது, உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரிலிருந்து வருவதையும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த போர்வையைத் தொங்க விடுங்கள். கொடி கட்ட வழியில்லை என்றால் திறந்த கதவின் மேல் போட்டு அந்தக் கதவின் முன் உட்காரலாம். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விட்டுத் தொங்கினால் இன்னும் நல்லது.

முட்டை அட்டைகள் எதற்கும் உதவாது. மெல்லிய ஃபோம் தாள்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவை கீச்சென்ற ஒலியை மட்டும் தின்றுவிட்டு அடித்தொண்டை ஒலியை அப்படியே விட்டுவிடும். அப்போது எதிரொலி போய், பெட்டிக்குள் அடைத்த குரல் வரும். தலைக்கு மேல் போர்வையை மூடிக்கொண்டு படித்தாலும் அதே பெட்டிச் சத்தம் வரலாம். அவசரத்துக்கு இரண்டு வரி படிக்கலாம். அரை மணி நேரம் படித்தால் புழுக்கத்தில் படிப்பின் வேகமே மாறிவிடும். பெட்டிச் சத்தம் வந்தால் துணியை எடுத்துவிடாமல் சற்று விலக்குங்கள். முகத்துக்கும் துணிக்கும் நடுவே இரண்டு அடியாவது இருக்கட்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: எதிரொலி ஏறிய பதிவைச் சரிசெய்து தரும் ஒலிப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களாலும் குறைக்கத்தான் முடியும். படித்தவரை மறுபடி உட்கார வைக்க வழியே இல்லாத பதிவுகளுக்கு மட்டும் அந்தச் செலவு நியாயம். நீங்களே மறுபடி படிக்க முடியுமென்றால் போர்வையைத் தொங்கவிட்டு மறுபடி படியுங்கள்.

## அறிகுறி 3: நடுவில் ‘டப்’ என்கிறது, அல்லது கிழிகிறது

இரண்டும் காதுக்கு ஒன்று போலத் தோன்றும். எடிட் மென்பொருளில் தெரியும் ஒலியின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அகலமான ஒரு வீக்கம் எழுந்து தாழ்ந்தால் அது மூச்சுக் காற்று. சிகரங்கள் கத்தியால் சீவியது போல் தட்டையாக நின்றால் ஒலியளவு எல்லை மீறியிருக்கிறது.

காற்று என்றால் போன் வாய்க்கு நேரெதிரே இருக்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து ‘பாப்பா’, ‘ஃபோன்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். கையைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினால் ஓர் இடத்தில் காற்று படுவது நின்றுவிடும். போனின் கீழ் விளிம்பை அங்கே வையுங்கள். தூரம் அதே ஒரு சாண், கோணம் மட்டும் 45 பாகைக்குப் பக்கமாக விலகியிருக்கும். நீங்கள் நேராகப் பார்த்தே படிக்கலாம். பதிவான ‘டப்’களில் லேசானவை, 80 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போட்டால் அடங்கிவிடும்.

தட்டைச் சிகரம் என்றால் அதற்கு மருந்து கிடையாது. ரீடேக்தான். அடுத்த முறை ஸ்கிரிப்டின் மிக உரத்த வாக்கியத்தை முதலில் சோதித்து, அதன் உச்சி −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். போனில் ஒலியளவைக் குறைக்கும் வசதி இல்லை என்றால் அந்த வாக்கியங்களுக்கு மட்டும் தலையைப் பின்னுக்கு இழுக்காதீர்கள், எதிரொலியின் அளவு மாறி அந்த வரி தனியாகத் தெரியும். முழு ஸ்கிரிப்டையும் ஒன்றரைச் சாண் தூரத்தில் படித்துவிடுங்கள்.

காற்றும் இல்லை, கிழிசலும் இல்லை, ‘க்ளிக் க்ளிக்’ என்று நாக்கு ஒட்டும் ஒலி என்றால் வாய் வறண்டிருக்கிறது. பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடியுங்கள். மைக் முன் வந்து ஒரு மடக்கு குடிப்பது அரை நிமிடத்துக்குத்தான் தாங்கும்.

## அறிகுறி 4: குரல் மந்தமாக, தொலைபேசியில் பேசுவது போல் இருக்கிறது

புளூடூத் ஹெட்செட் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் மைக் வேலை செய்யும்போது பெரும்பாலும் அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும், குரலின் கூர்மை போய்விடும். அடுத்து, பதிவை எப்படி அனுப்பினீர்கள்? மெசேஜ் ஆப்பில் குரல் செய்தியாகப் போனது என்றால் அது வழியில் நசுக்கப்பட்டது. அதே கோப்பை டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். ஐபோனின் Voice Memos பயன்படுத்துகிறவர்கள் அதன் அமைப்பில் ஒலித் தரத்தை Lossless என்று மாற்றிவிடலாம்.

இவை இல்லையென்றால் போனின் கவரைக் கழற்றிவிட்டு ஒரு வாக்கியம் பதிவு செய்யுங்கள். கவரின் துளை மைக் துளையோடு சரியாகப் பொருந்தாமல் இருப்பது சகஜம். அப்புறம் தூசி. காய்ந்த, மெல்லிய பிரஷால் துளையின் மேற்பரப்பைத் துடைத்தால் போதும். ஊசியோ குண்டூசியோ வேண்டாம், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் போனில் பேசவும் முடியாது.

கடைசிச் சோதனை: பதிவு ஆப்பில் ஒரு வாக்கியம், முன் கேமராவில் வீடியோவாக அதே வாக்கியம். பல போன்களில் இரண்டும் ஒரே மைக்கைப் பயன்படுத்துவதில்லை. கவரும் தூசியும் போன பிறகும் ஒன்று மட்டும் மந்தமாக இருந்தால் மைக் கெட்டிருக்கலாம். சர்வீஸ் சென்டருக்குக் கொடுங்கள். அதுவரை நன்றாக இருக்கும் வழியில் பதிவு செய்து, வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 5: ரீடேக் எடுத்த வாக்கியம் மட்டும் ஒட்டவில்லை

தோழி ஒருத்தி பாட வீடியோ ஒன்றுக்கு 12 நிமிடம் குரல் கொடுத்திருந்தாள். நடுவில் ஒரு ஆண்டைத் தவறாகப் படித்துவிட்டாள். மறுநாள் காலையில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்து அனுப்பினாள். தனியாகக் கேட்டால் முதல் பதிவைவிட அழகாகவே இருந்தது. உள்ளே வைத்ததும் வேறு யாரோ வந்து ஒரு வரி சொல்லிவிட்டுப் போன மாதிரி ஆயிற்று. ஒட்டாத ரீடேக்கை நான் எப்போதும் சோதிக்கும் வரிசை இதுதான், அந்த வாக்கியத்தையே வைத்துச் சொல்கிறேன்.

ஒலியளவு. புதிய வாக்கியத்தின் சிகரங்கள் பழையவற்றைவிட 5 டெசிபல் உயரமாக இருந்தன. இறக்கினேன். பாதி வேற்றுமை போனது. பல சமயம் இத்தோடு முடிந்துவிடும்.

தூரம். அளவு ஒன்றான பிறகும் புதியது முகத்துக்கு அருகில் கேட்டது, பழையது சற்றுத் தள்ளி. கேட்டபோது, காலையில் போனை மேசையில் வைக்காமல் கையில் பிடித்துப் படித்ததாகச் சொன்னாள். வாய்க்கு நெருக்கமாக இருந்ததால் அறையின் பங்கு குறைந்துவிட்டது. இதை எடிட்டில் போலி செய்யலாம்தான், செயற்கை எதிரொலியைத் துளித்துளியாகச் சேர்த்து. அந்த வேலைக்கு ஆகும் நேரத்தில் அவள் பத்து முறை மறுபடி படித்திருக்கலாம்.

மௌனத்தின் நிறம். பழைய பதிவில் மிக லேசாக ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. புதியதில் இல்லை. வாக்கியம் தொடங்கும்போது அந்த ஒலி சட்டென்று நின்று, முடிந்ததும் திரும்பி வந்தது. கேட்பவருக்கு ஃபேன் என்று தெரியாது, ஏதோ வெட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். பழைய பதிவின் மௌனத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, புதிய வாக்கியத்துக்கு அடியில் வேறொரு டிராக்கில் ஓடவிட்டேன். இதற்காகத்தான் ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் 30 விநாடி பேசாமல் பதிவு செய்யச் சொல்கிறேன். சிலர் அதை வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள், சுத்தம் செய்து தருவதாக நினைத்து!

குரலே. எழுந்த உடனே குரல் தாழ்ந்து, கரகரப்பாக இருக்கும். முதல் பதிவு மாலையில் எடுத்தது. இதை எந்த மென்பொருளும் திருத்தாது. ஆகவே அதே நேரத்துக்குக் காத்திருந்து, போனைப் பழையபடி புத்தக அடுக்கில் வைத்து, ஃபேனை அதே வேகத்தில் ஓடவிட்டுப் படிக்கச் சொன்னேன்.

படிக்கும் முறையையும் மாற்றச் சொன்னேன். தவறான வாக்கியத்துக்கு முந்தைய மூன்று வாக்கியங்களை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே கூடச் சேர்ந்து படிக்க வேண்டும். வேகமும் சுருதியும் வாயில் ஏறியதும் ஹெட்போனை எடுத்துவிட்டு, முந்தைய வாக்கியம், திருத்திய வாக்கியம், அடுத்த வாக்கியம் மூன்றையும் ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும். வேண்டியது நடுவில் இருப்பது மட்டுமே. தனியாகப் படிக்கும் ஒரு வாக்கியத்தை எல்லோரும் அறிவிப்பு போல ஆரம்பித்து, முற்றுப்புள்ளியில் குரலைத் தாழ்த்தி முடித்துவிடுவார்கள். பத்தியின் நடுவே அது பொருந்தாது. இரண்டு பக்கமும் வாக்கியங்கள் இருந்தால் குரல் தானாக ஓடும்.

அந்தப் பதிவு வந்ததும் ஒலியளவில் சின்ன மாற்றம் செய்தேன், ஒட்டிவிட்டது.

ஒட்டும் இடம் முக்கியம். வாக்கியங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வெட்டுவது பாதுகாப்பு. மூச்சு எடுக்கும் ஒலி இருந்தால் அதைப் பின்னால் வரும் வாக்கியத்தோடு சேர்த்து வையுங்கள், பாதி மூச்சில் வெட்டாதீர்கள். வாக்கியத்தின் நடுவில் வெட்டியே ஆக வேண்டும் என்றால் நம் ‘க்க’, ‘ட்ட’, ‘த்த’, ‘ப்ப’ கை கொடுக்கும். ‘பார்த்து’, ‘கேட்டு’ என்று சொல்லும்போது காற்று அடைபட்டு ஒலி முழுதாக நிற்கும் ஒரு சின்ன இடம் உண்டு, அலைவடிவத்தில் தட்டைக் கோடாகத் தெரியும். அங்கே வைத்த ஒட்டு காதுக்கு எட்டாது. ‘ல’, ‘ம’, ‘ய’ நடுவே வெட்டினால் தப்பவே தப்பாது.

இவ்வளவு பாடும் மறுநாள் ரீடேக் எடுத்ததால் வந்தது. தவறிய உடனே எடுத்தால் ஒன்றுமே இல்லை. பதிவை நிறுத்தாதீர்கள். இருந்த இடத்திலேயே இரண்டு முறை கைதட்டுங்கள், மூன்று விநாடி விடுங்கள், அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து படியுங்கள். தவறிய சொல்லிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. கைதட்டல்கள் அலைவடிவத்தில் இரண்டு ஊசிகளாக நிற்பதால், எடிட் செய்யும்போது முழுவதையும் கேட்காமலேயே தவறுகள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். மறுநாள் தேவைப்பட்டால் என்று, எழுந்திருக்கும் முன் போனும் நாற்காலியும் இருந்த இடத்தில் டேப் ஒட்டி, மொத்தத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்துக்கு ஒரு நூலை அளந்து வெட்டி வைப்பவர்களும் உண்டு, அது இன்னும் நல்லது.

ஒரே பத்தியில் மூன்று இடத்தில் ஒட்டு வேண்டியிருந்தால் பத்தியை முழுதாகப் படித்துவிடுங்கள், நேரம் மிச்சம். சளி பிடித்திருந்தால் ரீடேக்கே எடுக்க வேண்டாம், குரல் திரும்பும்வரை பொறுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: அளவு, தூரம், மௌனம், நேரம் நான்கும் ஒத்த பிறகும் வேற்றுமை கேட்டால் இரண்டு கோப்புகளையும் எந்தத் திருத்தமும் செய்யாமல் ஒலி எடிட்டர் ஒருவரிடம் கொடுங்கள். குரலின் தன்மையை ஒப்பிட்டுச் சரிசெய்யும் கருவிகள் அவர்களிடம் உண்டு. நீங்கள் ஏற்கெனவே இரைச்சலை நீக்கிய கோப்பைக் கொடுத்தால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது. ஸ்டுடியோவுக்குப் போய்ப் படிப்பது என்று முடிவெடுத்தால் தவறான வாக்கியத்தை மட்டும் அங்கே படித்து வராதீர்கள். வீட்டுப் பதிவின் நடுவே ஸ்டுடியோ வாக்கியம் எந்த வழியிலும் ஒட்டாது. போகிறதென்றால் முழு ஸ்கிரிப்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.